டீயில் உட்காருங்கள்

அந்த வீட்டில் சிரிப்பு நின்றுபோனதற்கு ஒரே ஒரு வாக்கியம் காரணம். அதைச் சொன்னவர் அப்பா. கேட்டுச் சிரித்தவள் மகள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் தலைப்பகுதியில், யாரும் எட்டிப் பார்க்காத இயந்திர அறைகளில், எண்ணெய் வாசனைக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர். ஒருநாள் காலை அவருடைய மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்து நீங்கி வீடு திரும்பியபோது வலது கை பலம் குறைந்திருந்தது. பேச்சு இருந்தது, ஆனால் வார்த்தைகள் இடம் மாறிவிட்டன. சீப்பு கேட்க நினைத்தால் வாயில் சாவி வந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்ல நினைத்தால் செய்தித்தாளைத் திறக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் குறிப்பறிந்து நடந்துகொண்டார்கள்.

அவருடைய கம்பெனி மேற்பார்வையாளர் ஒரு மாலை நலம் விசாரிக்க வந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றி, அதை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, நின்றபடியே இருந்தார். மகள் தட்டில் தேநீர் கொண்டுவந்தாள். அப்பா முகம் மலர்ந்தது. பழைய மரியாதையோடு இடது கையை நீட்டி, தெளிவான குரலில் சொன்னார்:

"வாங்க சார், டீயில உட்காருங்க. நாற்காலி ஆறிடப் போகுது."

மேற்பார்வையாளர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு தேநீரைப் பார்த்தார். எதில் உட்காருவது என்று தீர்மானிக்க முடியாதவரைப் போல, இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாகக் குனிந்து நின்றார். அதைப் பார்த்ததும் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், அடக்க அடக்க அது பெரிதானது. தட்டு ஆடி, ஒரு கோப்பை சாய்ந்து, தேநீர் அவள் விரல்களில் வழிந்தது.

நிமிர்ந்தபோது அப்பாவின் முகத்தைக் கண்டாள். விளக்கை அணைத்துவிட்ட அறை போலிருந்தது அது.

அன்று மூடிய வாயை அவர் பிறகு திறக்கவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினார். காட்ட முடியாததை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மகளுக்கு வயது பதினைந்து. அவளை வீட்டில் 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. "கேள்வி வந்தாச்சு, பதிலெல்லாம் ஒளிஞ்சுக்கோங்க" என்பார் அவள் பள்ளியிலிருந்து வரும்போது. இப்போது அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. அப்பாவின் படுக்கையை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி உண்டு. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவள் அதில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுவாள். அந்த மாலைக்குப் பிறகு அவள் சாப்பாட்டு மேசைக்கு மாறிவிட்டாள். தேநீரைக் கொண்டுபோய் வைப்பாள். அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பி வருவாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்திருந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டதும் அத்தை சட்டம் போட்டுவிட்டாள்.

"விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறது திமிரு. இனிமே இந்த வீட்ல யாரும் பல்லைக் காட்டக் கூடாது. காட்டணும்னு ஆசையா இருந்தா உங்கம்மா வேலை பார்க்கிற இடத்துக்குப் போய்க் காட்டு."

அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். இந்த வாக்கியத்தில் இருந்த நகைச்சுவை அத்தைக்குத் தெரியாது. கேள்விக்குத் தெரிந்தது, தெரிந்ததற்காகத் தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

பேச்சுப் பயிற்சி நிலையத்திலும் அப்பா வாய் திறக்கவில்லை. பயிற்சியாளர் அம்மாவைத் தனியே அழைத்துச் சொன்னதைக் கேள்வி கதவருகே நின்று கேட்டாள்.

"இந்த ஆரம்ப மாசங்கள் ரொம்ப முக்கியம்மா. தப்பா வந்தாலும் பரவாயில்ல, பேசிப் பேசித்தான் மூளை புது வழி போட்டுக்கும். முயற்சியே பண்ணலைன்னா அந்த வழி அமையறது கஷ்டம். அப்புறமும் முன்னேறலாம், ஆனா இப்ப கிடைக்கிற வேகம் கிடைக்காது."

தன்னுடைய ஒரு சிரிப்பு அப்பாவின் மீதிக் காலப் பேச்சை எல்லாம் அடைத்துவிட்டதோ என்று அவள் பயந்தாள்.

அடுத்த முறை அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்பாவைக் கேள்விதான் அழைத்துப் போனாள். காத்திருக்கும் கூடத்தில் எதிர் பெஞ்சில் ஓர் இளம் தாயும், நடக்கப் பழகும் வயதுக் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை தன் காலுறையைக் கழற்றி எறிந்தது. தாய் அதை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தவர் அதை ரசித்து, விளையாட்டாக அதே காலுறையை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது.

அதே காலுறை, அதே வேடிக்கை. ஒருமுறை சிரிப்பு, ஒருமுறை அழுகை. ஏன்? பயிற்சி அறைக்குள் செல்லும்வரை அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

பயிற்சியாளர் வயதில் சிறியவர். மேடம் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார், அக்கா என்றால்தான் பார்ப்பார். எதையும் கேட்டுவிட்டு நீண்ட நேரம் காத்திருப்பது அவர் வழக்கம். அந்த அமைதியில் பேசாதவர்களுக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். அப்பாவுக்கு மட்டும் தோன்றவில்லை.

"இன்னைக்குப் பேச வேண்டாம் சார். கை காட்டினாப் போதும்," என்று அவர் மேசையில் அட்டைகளைப் பரப்பினார். "ஒரு கதையோட ஆரம்பம் சொல்லுவேன். மூணு முடிவு இருக்கும். எது சிரிப்பு முடிவுன்னு நீங்க தொட்டுக் காட்டணும்."

முதல் கதையை வாசித்தார்.

"காட்டுல சிங்க ராஜா சபையைக் கூட்டினாரு. எல்லா மிருகமும் நேரத்துக்கு வந்துடுச்சு. நத்தை மட்டும் சபை கலையிற நேரத்துக்கு வந்து சேர்ந்துச்சு. 'ஏன் இவ்வளவு லேட்டு?'ன்னு சிங்கம் கர்ஜிச்சுது. நத்தை என்ன சொல்லிச்சு? முதல் அட்டை: 'மன்னிக்கணும் ராஜா, எனக்கு மெதுவாத்தான் நடக்க வரும்.' ரெண்டாவது: 'ராஜா, தேனீக்களுக்கு ஆறு கால்.' மூணாவது: 'நான் காலையிலேயே கிளம்பிட்டேன் ராஜா. எவ்வளவு தூரம் நடந்தாலும் வீட்டை விட்டு வெளியே வர முடியலை.'"

கேள்விக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். அப்பாவின் இடது கை சற்றும் தயங்காமல் மூன்றாவது அட்டையின்மீது அமர்ந்தது.

"சரி. இன்னொண்ணு. டாக்டர் சொல்றாரு, 'சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை போடணும்.' ஒரு வாரம் கழிச்சு நோயாளி வர்றாரு. இருமல் குறையவே இல்லை. 'மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?'ன்னு டாக்டர் கேக்கறாரு. முதல் பதில்: 'ரெண்டு வேளை மறந்துட்டேன் டாக்டர்.' ரெண்டாவது: 'எங்க வீட்டுக் குடை பச்சை நிறம் டாக்டர்.' மூணாவது: 'மூணு வேளையும் தட்டுக்கு முன்னாடிதான் போடறேன் டாக்டர். எங்க பூனைக்கு இருமல் சுத்தமா நின்னுபோச்சு.'"

மறுபடியும் மூன்றாவது. இம்முறை அவர் வாயின் இடது ஓரம் ஒரு நூல் அளவு அசைந்தது. கேள்வி அதைப் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டாவதும் எதிர்பாராததுதானே? சொல்லப்போனா அதுதான் ரொம்ப எதிர்பாராதது. நத்தைகிட்ட யாரு தேனீயைப் பத்திக் கேட்டாங்க? அப்ப அதுக்கு ஏன் சிரிப்பு வரலை?"

பயிற்சியாளர் அட்டையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிறே?"

"எதிர்பார்த்ததுக்கு மாறா ஏதாவது நடந்தாச் சிரிப்பு வரும்னு எங்கேயோ படிச்சேன். ஆனா அது பத்தலை."

"பத்தலைதான். பொருந்தாமைன்னு சொல்லுவாங்க. மனசு எப்பவும் அடுத்தது என்னன்னு ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கும். வந்தது அந்தக் கணக்குக்குப் பொருந்தலைன்னா ஒரு தடுமாற்றம். அது பாதிதான். மீதிப் பாதி என்னன்னு அந்த அட்டையிலேயே இருக்கு."

கேள்வி மாத்திரைக் கதையை மறுபடியும் மனத்துக்குள் ஓட்டினாள். சாப்பாட்டுக்கு முன்னாடி. முன்னாடி என்றால் நேரத்தில் முந்தி. முன்னாடி என்றால் எதிரே. மாத்திரை போடுவது என்றால் விழுங்குவது; போடுவது என்றால் கீழே இடுவது. டாக்டர் சொன்ன வார்த்தைகளுக்குள்ளேயே நோயாளியின் தட்டும் பூனையும் முதலிலிருந்தே ஒளிந்திருந்தன.

"வேற ஒரு வழியில பொருந்திடுது," என்றாள் மெதுவாக. "பொருந்தலைன்னு நினைச்சோம். திரும்பிப் பார்த்தா, நாம பார்க்காத பக்கத்துல கச்சிதமாப் பொருந்தியிருக்கு. பச்சைக் குடை எந்தப் பக்கத்துலயும் பொருந்தலை."

"பொருந்தாம வரணும். வந்து, வேற பக்கமாப் பொருந்தணும். ரெண்டும் ஒரு நொடியில நடக்கணும். எல்லாச் சிரிப்பையும் இது விளக்கிடாது. கிச்சுகிச்சு மூட்டினா வர்ற சிரிப்பு இதுல அடங்காது. சில பேரு பொருந்தாமை மட்டுமே போதும்னு சொல்றாங்க. ஆனா ஜோக்குக்கு இது நல்லாவே வேலை செய்யுது."

"லிஃப்ட் மாதிரி," என்றாள் கேள்வி.

"எப்படி?"

"நாம அஞ்சாவது மாடிக்கு அழுத்தறோம். அஞ்சுலயே கதவு திறந்தா அது முதல் அட்டை. யாரும் சிரிக்க மாட்டாங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு, கதவைத் திறந்தா வெறும் சுவர் இருந்தா அது பச்சைக் குடை. மூணாவது அட்டை என்னன்னா..." அவள் தேடினாள்.

அப்போது அப்பாவின் இடது கை மேசைக்கு மேலே எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, தட்டையாக, மெல்ல மேலேறியது. ஓரிடத்தில் குலுங்கி நின்றது. பிறகு ஒரு விரற்கடை கீழே இறங்கி, காற்றில் ஏதோ ஒரு தரையோடு சமமாக நின்றது. லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஒரு விரல் பிசகினாலும் ஆள் தடுக்கி விழுவார் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த மட்டம்தான் அது.

"வேற மாடியில நிக்குது," என்றாள் கேள்வி அப்பாவின் கையைப் பார்த்தபடி. "நாம கேட்ட மாடி இல்ல. ஆனா மட்டம் சரியா இருக்கு. இறங்கலாம்."

பயிற்சியாளர் தன் வழக்கப்படி காத்திருந்தார். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த அமைதியில் பேச்சு வரவில்லை. ஆனால் அன்றைய அமைதி வேறு மாதிரி இருந்தது.

பயிற்சி முடிந்து அப்பா கை கழுவப் போயிருந்தபோது கேள்வி காலுறைக் குழந்தையைப் பற்றிச் சொன்னாள்.

"அதுவும் லிஃப்ட்தான்," என்றார் பயிற்சியாளர். "திடீர்னு குலுங்கினா, கயிறு பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. தெரியாதவங்க பயப்படுவாங்க. குழந்தைக்கு அம்மாதான் கயிறு. முன்னே பின்னே தெரியாத ஆளு காதுல காலுறை மாட்டினா அது வேடிக்கை இல்ல, ஆபத்து. பத்திரமா இருக்கோம்ங்கற நினைப்பு இல்லைன்னா பொருந்தாமை சிரிப்பா மாறாது."

கேள்வி நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த மாலையில் நடந்ததை முழுவதும் சொன்னாள். அதைத் திமிர் என்று அத்தை சொன்னதையும் சொன்னாள்.

"உங்க அத்தை சொல்றது ஒரேயடியாத் தப்பில்ல. ஒருத்தரைக் கீழே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பும் உலகத்துல உண்டு. உன்னோடது அதுவான்னு எனக்குத் தெரியாது. நீயே சோதிச்சுப் பாரு. ஒண்ணை மட்டும் மாத்து. மத்ததை அப்படியே வை."

"புரியலை."

"அதே வாக்கியத்தை வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பியா?"

கேள்வி யோசித்தாள். அந்தக் கழுத்துப் பொத்தான் மேற்பார்வையாளரே, 'டீயில் உட்காருகிறேன், நாற்காலி ஆறிவிடும்' என்று சொல்லியிருந்தால்? இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பாள். அவ்வளவு விறைப்பான மனிதரிடமிருந்து யாரும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

"இப்ப ஆளை வெச்சுக்கோ, வாக்கியத்தை மாத்து. உங்கப்பா அன்னைக்குப் பேச முடியாம வெறும் சத்தம் மட்டும் போட்டிருந்தா?"

"அழுதிருப்பேன்," என்றாள் உடனே.

"அப்ப உன் சிரிப்பு ஆளோட போகலை, வாக்கியத்தோட போச்சு. டீ இருக்க வேண்டிய இடத்துல நாற்காலியும் நாற்காலி இருக்க வேண்டிய இடத்துல டீயும் இருந்துச்சு. இலக்கணம் ஒரு இடத்துலயும் பிசகலை, மரியாதை பிசகலை. வார்த்தை ரெண்டு மட்டும் இடம் மாறி உட்கார்ந்துக்கிச்சு. அதுக்குத்தான் சிரிச்சே."

கேள்விக்கு மூச்சு சற்று இலகுவானது. ஆனால் பயிற்சியாளர் நிறுத்தவில்லை.

"அது உன் பக்கம். அவர் பக்கம் என்ன இருந்துச்சுன்னு யோசிச்சியா? அந்தச் சாயங்காலத்துக்கு முன்னாடி, முதல் தடவை இங்க வந்தப்ப அவர் தப்பான வார்த்தையைச் சொல்லிட்டு நிறுத்தாம மேல பேசிட்டே போனாரு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவருக்குத் தான் சொன்னதுல எது மாறிச்சுன்னு பல நேரம் காதுல விழறதே இல்ல."

கேள்வி நிமிர்ந்தாள்.

"அப்படின்னா அவரைப் பொறுத்தவரைக்கும்..."

"சார், நாற்காலியில உட்காருங்க, டீ ஆறிடும்னு சொன்னாரு. பொண்ணு சிரிச்சா. அவருக்கு எதுவுமே பொருந்தாமப் போகலை, உன் சிரிப்பைத் தவிர."

அவள் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரே அறையில் ஒரே நொடியில் மூன்று பேர் இருந்தார்கள். அவளுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. மேற்பார்வையாளருக்கு ஒரு குழப்பம் நடந்தது. அப்பாவுக்கு நடந்ததோ, மேலதிகாரி முன்னால் தன் மகள் தன்னைப் பார்த்துச் சிரித்தது. பொருந்தாமை வார்த்தையில் இருப்பதில்லை. கேட்பவர் என்ன எதிர்பார்த்திருந்தார் என்பதில் இருக்கிறது. எதிர்பார்ப்பு வேறானால் கதையே வேறு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அறைக்குப் போனாள். இரும்பு நாற்காலியில் உட்காரத் துணியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு நான் ஏன் சிரிச்சேன்னு சொல்றேன். நீங்க சொல்ல நினைச்சது 'நாற்காலியில உட்காருங்க, டீ ஆறிடப் போகுது.' வாயில வந்தது 'டீயில உட்காருங்க, நாற்காலி ஆறிடப் போகுது.' டீயும் நாற்காலியும் இடம் மாறிடுச்சு. அதுக்குத்தான்பா சிரிச்சேன். உங்களைப் பார்த்து இல்ல."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் தேடினாள். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. அவர் அவளையே சற்று நேரம் பார்த்தார். உதடுகள் ஓசையின்றி ஏதோ அசைந்தன. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சமையலறையில் வந்து நின்று அழுதாள். விளக்கப்பட்ட ஜோக்கில் உயிர் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பு வர வேண்டுமானால் கேட்பவரின் மனமே ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்குத் தாவ வேண்டும்; கையைப் பிடித்துத் தாண்டவைத்தால் அது தாவலே இல்லை. தெரிந்திருந்தும் விளக்கினாள். இப்போது தன் வாய் தப்பாகப் பேசுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி எப்படிப் பேசுவார்?

பல நாட்கள் அப்படியே கழிந்தன. பயிற்சி நிலையத்தில் அவர் அட்டைகளைத் தொட்டார், அதற்குமேல் இல்லை. வீட்டில் அத்தையின் சட்டம் அமலில் இருந்தது. அப்பாவின் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அத்தை அவரிடம் கத்தித்தான் பேசுவாள். ஒருநாள் மதியம் அறை வாசலில் நின்று, தெருமுனைவரை கேட்கும்படி, "தம்பி, வீட்ல யாரும் சத்தமே போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன், நீ நிம்மதியா தூங்கு" என்றாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கேள்வி சாப்பாட்டு மேசையிலிருந்து தற்செயலாக நிமிர்ந்தாள். அறைக்குள்ளிருந்து அப்பாவும் நிமிர்ந்திருந்தார். இருவர் கண்களும் ஒரு கணம் சந்தித்தன. அவருடைய வாயின் இடது ஓரம் அதே நூல் அளவு அசைந்தது. கேள்வி அவசரமாகப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனம் தேறி வராத ஒருவருக்கு இது வேடிக்கையாகத் தெரியாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் எழுந்து அவரிடம் போகவில்லை.

பிறகு ஒரு மாலை. வழக்கம்போல அவள் தேநீரைக் கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தாள். திரும்ப எத்தனித்தாள். அப்பாவின் இடது கை எழுந்து அவளை நிறுத்தியது. பிறகு அது கட்டிலை ஒட்டியிருந்த இரும்பு நாற்காலியைச் சுட்டியது. அவர் வாயைத் திறந்தார். நீண்ட நாள் ஓடாமல் இருந்த எந்திரத்தைப்போல முதலில் வெறும் மூச்சு வந்தது. பிறகு ஒரு சொல்.

"நாற்காலி."

கேள்வி அசையவில்லை.

"நாற்காலி... ஆறிடுச்சு."

அறையில் தேநீர் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அப்பா பேசிவிட்டார். ஆனால் என்ன பேசினார்? தேநீர் ஆறிவிட்டது என்று சொல்ல வந்து, பழைய இடத்திலேயே வார்த்தை தடுக்கி விழுந்துவிட்டதா? அப்படியானால் இப்போது சிரித்தால், திறந்த வாய் மறுபடியும் மூடிவிடும், இம்முறை என்றைக்குமாக. அல்லது இது வேறா? வேறானால் சிரிக்காமல் நிற்பதைவிடக் கொடுமை கிடையாது. கையை நீட்டியவனை நடுவழியில் விட்டுவிடுவதைப்போல அது.

பச்சைக் குடையா, பூனையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வார்த்தை நின்ற இடத்தில் ஒரு மாடி இருக்கிறதா, வெறும் சுவரா?

தேநீர் ஆறவில்லை, கண்ணெதிரே ஆவி பறக்கிறது. ஆக, அவர் அதைச் சொல்ல வரவில்லை. அவர் கை கோப்பைப் பக்கம் போகவே இல்லை, நாற்காலியைத்தான் காட்டியது. நாற்காலி ஆறிவிட்டது. ஆறுவதற்கு முன்னால் அது சூடாக இருந்திருக்க வேண்டும். எப்போது சூடாக இருந்தது?

அவள் இரண்டு எட்டு வைத்து நாற்காலியின் இருக்கையில் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. அவள் உட்கார்ந்து பாடம் எழுதிய நாட்களில் எழுந்து போனபிறகும் அதில் வெகுநேரம் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். அதில் யாரும் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவம் லேசாக உயர்ந்திருந்தது, இயந்திர அறையிலிருந்து கீழே இருப்பவனிடம் 'மட்டம் சரியா?' என்று கேட்கும்போது உயர்வதைப்போல.

முதலில் அவளுக்கு விளங்கியது. விளங்கிய அதே நொடியில் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. எது முன்னாடி என்று அவளாலேயே சொல்ல முடியாது. அடக்கப் பார்க்கவில்லை. அவர் தன் சொந்தத் தப்பைக் கையில் எடுத்து, அதற்கு ஒரு மாடி கட்டி, அவளை அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார். அப்பாவும் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. ஓசை முழுதாக வந்தது.

"வேணும்னே சொன்னீங்களா?" என்றாள்.

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். பிறகு வார்த்தையைத் தேடி, ஒன்றை எடுத்து, வேண்டாமென்று போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்தார். அது வர நேரமாயிற்று. அவள் அந்தப் பயிற்சியாளர் அக்காவைப்போலக் காத்திருந்தாள்.

"கேள்வி," என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிர் முதுகுவரை ஏறியது.

சத்தம் கேட்டு அத்தை வாசலுக்கு வந்து நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அவன் மகளின் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்; அவள் தாழ்த்திப் பேசி அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னடி ஆச்சு? எதுக்குச் சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

கேள்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் இடது கையைத் தட்டையாக நீட்டி, காற்றில் நிறுத்திக் காட்டினார். ஒரு விரற்கடை கூடப் பிசகவில்லை.

"சொன்னா போயிடும் அத்தை," என்றாள் அவள். "நீங்க வந்து கொஞ்ச நேரம் உட்காருங்க. தானா வரும்."

அத்தை ஒன்றும் விளங்காமல் சுற்றிலும் பார்த்தாள். அறையில் வேறு நாற்காலி இல்லை.

"எதுலடி உட்காரச் சொல்றே?" என்றாள்.

அப்பா ஜன்னல் திட்டிலிருந்த கோப்பையைச் சுட்டிக் காட்டினார்.